மத்தி சாப்பிட்டது குற்றமா?

நேற்று ஒரு பெண் பகிர்ந்த வளைகாப்புப் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளைப் பார்க்காதவர்களுக்கு முன்கதை இது. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி மத்திக் குழம்பு சாப்பிட்டதற்கு, "நாத்த மீனா குடுக்கறீங்க? சுறாப்புட்டு செஞ்சு குடுங்க" என்று எத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தீர்கள்! கோபத்தைவிட வருத்தமாக இருக்கிறது.

மீன் பெரிதாகப் பெரிதாக அதில் மெத்தில் பாதரசம் என்ற நஞ்சு ஏறும். சின்ன மீனைத் தின்று வருடக்கணக்கில் வளரும் சுறா, அத்தனையையும் தன் சதையில் சேர்த்துக்கொள்கிறது. அந்த நஞ்சு தாயிடமிருந்து கருவின் மூளைக்குப் போகும். மத்தி பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று சீக்கிரமே வலையில் விழுவது. சேர்வதற்கு நேரமே இல்லை.

கணக்கே போடுகிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த சுறாக்களில் கிலோவுக்குச் சராசரி 0.98 மில்லிகிராம் பாதரசம், மத்தியில் 0.013. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுப்படி 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 42 மைக்ரோகிராம்தான் வரம்பு. 150 கிராம் சுறாவில் 147 வந்துவிடும். மூன்றரை வார அளவு ஒரே வேளையில்! அதே 150 கிராம் மத்தியில் 2.

"மஞ்சள் போட்டுக் கழுவினா போயிடும்" என்றார் ஒருவர். போகாது. பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பது. கழுவினாலும் பொரித்தாலும் தோலை உரித்தாலும் அப்படியே இருக்கும். "பால்சுறா சின்ன இனம்தானே" என்பது நியாயமான கேள்வி. பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் வெட்டிவைத்த துண்டைப் பார்த்து எந்தச் சுறா என்று உங்களால் சொல்ல முடியுமா? "எங்க பாட்டி தின்னு ஆறு பிள்ளை பெத்தாங்க" என்பவர்களுக்கு: பிள்ளையின் கவனத்திலும் பேச்சிலும் கொஞ்சம் குறைந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

மத்தியிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் அழியாது. முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். வயிறு வெடித்த மத்தியை வாங்காதீர்கள். வாசனையை மட்டும் நம்பவும் வேண்டாம், ஐஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"அப்ப நெத்திலிக் கருவாடு குடுங்க" என்றவர்களே, பாதரசத்துக்குச் சரி. உப்பு? நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடையில் 15 சதவீதம் உப்பேறிய கருவாடு 30 கிராம் போட்டால் நாலரை கிராம் அதிலேயே முடிந்தது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை ஊறவையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் கொதித்தபின் ருசி பாருங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் கருவாடே வேண்டாம்.

அந்தப் பெண் படத்தையே எடுத்துவிட்டாள். தங்கச்சி, நீ செய்தது சரி. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, மத்தியோ நெத்திலியோ, பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடு. நெத்திலி முள்ளைத் துப்பாதே, சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது.