மாணவிக்குக் கோட்டு மாட்டினால் பழி யாருக்கு?

2013 ஜனவரியில், புதுச்சேரியில் பள்ளி மாணவிகள் சீருடைக்கு மேல் ஓவர்கோட் அணிய வேண்டும் என்று அரசுத் தரப்பு அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய மாதம் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையால் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. மாணவிகளுக்குத் தனிப் பேருந்து விடப்படும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது; அதையாவது பாதுகாப்பு ஏற்பாடு என்று ஏற்கலாம். ஆனால் கோட்டு? கடற்காற்றின் புழுக்கத்தில் சட்டையே முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊரில், குற்றம் செய்பவனுக்குச் சொல்ல வேண்டியதை மாணவியின் தோளில் தைத்துப் போட்ட ஏற்பாடு அது.

அந்த அறிவிப்பு பழையதாகிவிட்டது, அதன் தர்க்கம் பழையதாகவில்லை. துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்கிறாளா, குர்தா முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, லெகிங்ஸ் அணிந்திருக்கிறாளா என்று வாசலிலேயே நிறுத்திப் பார்க்கும் கல்லூரிகள் இன்றும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சீருடை என்பதை நான் எதிர்க்கவில்லை. ஏழை, பணக்கார வேறுபாடு உடையில் தெரியாமலிருக்க அது உதவுகிறது. ஆனால் 'ஆண்களின் கவனம் சிதறும்' என்பதைக் காரணமாகச் சொல்லி ஒரு விதி வரும்போது, அது உடையைப் பற்றிய விதியாக இருப்பதில்லை, நாளை ஏதேனும் நடந்தால் யாரைக் கேட்பது என்பதை இன்றே எழுதிவைப்பதாகிவிடுகிறது.

பாகூரிலிருந்து பேருந்தில் நகரத்துக்கு வரும் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவியை எண்ணிப் பாருங்கள். நெரிசலில் ஒருவன் அவள்மீது கைவைக்கிறான். பள்ளியில் சொல்லப் போனால் முதலில் வருவது 'கோட்டு போட்டிருந்தாயா?' என்ற கேள்வி. போடவில்லை என்றால் அவள் விதியை மீறியவள். போட்டிருந்தால், எப்படிப் போட்டாய் என்பது அடுத்த கேள்வி. இரண்டு பதில்களும் அவளையே விசாரிக்கின்றன. இதைக் கண்ட அவளுடைய தோழிகள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். புகாரே வராததால், விதி பலன் தந்துவிட்டது என்று நிர்வாகம் மகிழ்ந்துகொள்ளும்.

சட்டம் இப்படிக் கேட்பதில்லை. 2012இல் வந்த போக்சோ சட்டம், குழந்தைமீதான பாலியல் தொல்லையைச் செய்தவனின் செயலையும் நோக்கத்தையும் வைத்தே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்டவளின் உடைக்கு அங்கே இடமே இல்லை. இப்படியொரு குற்றம் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 19ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனையும் உண்டு. ஆக, பள்ளிக்குச் சட்டம் விதித்திருக்கும் கடமை தொலைபேசியை எடுப்பதே தவிர, ஊக்கு எங்கே என்று தேடுவதல்ல.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உடை விதிகளை வாசித்தால், பேருந்தில் தொல்லை என்று ஒரு மாணவி சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் அன்றைக்கே என்ன செய்வார் என்பதையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். புதுச்சேரி, கடலூர்ப் பெற்றோர்கள் உங்கள் பள்ளிகளிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.