முதல் வருஷம் 260 ரூபாய்

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், அதை விட்டுவிட்டு மியூச்சுவல் ஃபண்ட் தொழிலுக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். படித்த பையன், கணக்கு தெரியும், காரைக்குடியில் சொந்தபந்தமும் நிறைய. எல்லாம் சரிதான். ஆனால் இந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

2018 அக்டோபரிலிருந்து முன்கமிஷனை, சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுத்திவிட்டது. அதனால் ஒரு ஆளைச் சேர்த்த உடனே கையில் எதுவும் வராது. அவருடைய பணம் ஃபண்டில் இருக்கும் வரை, அதன் மதிப்பில் ஒரு சிறு விகிதம் டிரெயில் கமிஷனாக வரும். ஈக்விட்டி ஃபண்டுக்கு வருஷத்துக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறார். முதல் வருஷம் அவர் கணக்கில் சராசரியாக இருப்பது 32,500 ரூபாய்தான். நமக்கு வருவது 260 ரூபாய், அதுவும் வருஷத்துக்கு! அப்படி நாற்பது பேரைப் பிடித்தாலும் வருஷம் 10,400. அதே ஆள் நிறுத்தாமல் கட்டினால், சந்தை ஏறவே இல்லை என்றாலும், ஐந்தாம் வருஷத்தில் அவரால் வருவது 2,180. மாதம் முப்பதாயிரம் வேண்டுமென்றால் ஏறக்குறைய நாலரைக் கோடி ரூபாய் உங்களை நம்பி இருக்க வேண்டும்.

ஃபண்ட் விற்க எழுத வேண்டிய பரீட்சை பெரிய விஷயமில்லை. என்ஐஎஸ்எம் V-A, நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், ஐம்பது எடுத்தால் பாஸ். பிறகு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து, ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். ஆனால் போர்டில் "நிதி ஆலோசகர்" என்று எழுதக் கூடாது. அது செபியில் பதிந்த முதலீட்டு ஆலோசகருக்கு உரியது. அவர்களுக்கு X-A, X-B என்று வேறு இரண்டு பரீட்சை. வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கலாம், அவரிடமே கமிஷனும் பார்க்கக் கூடாது. பேசியதற்குக் காசா என்று கேட்கும் ஊரில் அது இன்னும் கடினம்.

ஊர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இது பணத்துக்குப் புதிய ஊர் இல்லை. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடியிலும் மெட்ராஸிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாவதைப் பார்த்த வீடுகள் இவை. எழுத்தறியாத ஆச்சிகூட வட்டியை மனக்கணக்கில் போட்டுவிடுவார். நம்மைப் போன்றவர்களை அவர்கள் எடை போடும் விதமே தனி.

தெரிந்த ஆச்சி ஒருவர், வயது 68. பங்கு வீட்டில் தன் பங்கை விற்றதில் பத்து லட்சம் கையில் இருந்தது. ஒருவர் வந்து, வருஷம் இரண்டு லட்சம் வீதம் ஐந்து வருஷம் கட்டும் காப்பீட்டுத் திட்டத்தை "வைப்பு மாதிரிதான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப் பார்த்தார். அதில் விற்பவருக்கு முதல் வருஷப் பிரீமியத்திலேயே நல்ல பங்கு கிடைக்கும். டிரெயிலுக்குக் காத்திருக்க முடியாமல் பசியில் இருக்கிற பையன்கள் சறுக்கும் இடம் இதுதான்.

ஆச்சி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏன்ப்பா, அடுத்த வருஷம் நான் ஒண்ணும் கட்டலேன்னா என் காசு என்னாகும்?" அந்த ஒரு கேள்வியிலேயே அது வைப்பு இல்லை என்பது தெரிந்துவிடும். நான் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொன்னேன். 8.2 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய் வரும், மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகும். அதில் எனக்கு ஒரு பைசா இல்லை. அந்தத் திட்டத்துக்கு ஏஜெண்ட் கமிஷனை 2011-லேயே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து பேசினார். "அம்மாவுக்கு ஏன் ஃபண்ட் போடலை?" என்றுதான் முதலில் கேட்டார். மாதச் செலவுக்கான காசைச் சந்தையில் போட்டால், விலை இறங்கின நேரத்தில் விற்று எடுக்க வேண்டி வரும் என்றேன். உடனே எதுவும் தரவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் தன் பெயரில் சின்னதாக ஒரு எஸ்ஐபி தொடங்கினார். சோதனைத் தொகை! சந்தை இறங்கின மாதம் நான் போனை எடுக்கிறேனா என்று பார்க்கத்தான். இந்த ஊரில் பெரிய தொகை அப்புறம்தான் வரும்.

ஆகவே தம்பி, ஆபீஸ் வேலையை இப்போது விட வேண்டாம். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பரீட்சையை எழுதுங்கள், ஏஆர்என் வாங்குங்கள், சனி ஞாயிறில் ஆட்களைப் பாருங்கள். டிரெயில் உங்கள் சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகு மறுபடி பேசுவோம். அதற்கு நாலைந்து வருஷம் ஆகலாம். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.