ஒரு பி.பி.ஓ.வில் உயிரோடு, இன்னொன்றில் இல்லை

கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பென்ஷன் வரவில்லை. "வந்திருக்குமே, பாஸ்புக் போட்டுப் பாருங்க" என்று உங்கள் ஆள் சொல்வார். போட்டும் பார்த்தேன். வந்தது மறைந்த என் மனைவியின் குடும்ப ஓய்வூதியம். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பொன்மலை ரயில்வே பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த பென்ஷன்தான் நின்றுபோயிற்று. இரண்டுக்கும் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை தனித்தனி, ஆனால் இரண்டும் உங்கள் வங்கிதான், ஒரே கணக்குதான். வாங்குகிறவனும் ஒருத்தன்தான்.

கவுண்டரில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் கண்ணாடி அறைக்குள் இருந்ததால் காதில் விழுந்திருக்காது.

"சார், நீங்க நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கல."

"குடுத்தேன் தம்பி."

"சிஸ்டத்துல இல்லையே சார்."

"அப்படின்னா ஃபேமிலி பென்ஷன் எப்படி வந்துச்சு?"

"அதுக்குக் குடுத்திருக்கீங்க. அது வேற பி.பி.ஓ. சார்."

வேற பி.பி.ஓ. என்பது எனக்கும் தெரியும். பி.பி.ஓ. எண் ஒவ்வொன்றுக்கும் உயிர்ச்சான்று தனித்தனியாக ஏற வேண்டும் என்று தெரிந்துதான், நவம்பரிலேயே இரண்டு படிவம் எழுதி, இரண்டிலும் எண்ணைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டும் இரண்டு கேட்டேன். "எதுக்கு சார், உங்களை எங்களுக்குத் தெரியாதா" என்று சிரித்தார்கள். விடாமல் நின்று சீல் வைத்து வாங்கினேன். அந்தச் சீட்டுகளைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினேன். தம்பி ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், திருப்பிக்கூடப் பார்த்தார். பின்பக்கம் என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ!

அப்புறம் எழுந்து போய் ஒரு காகிதக் கட்டு எடுத்துவந்தார். நூல் அவிழ்த்து, எச்சில் தொட்டுப் புரட்டி, கடைசியில் கிடைத்துவிட்டது. என் இரண்டு படிவமும் ஒரே குண்டூசியில். மேல் தாளில் பச்சை மையில் டிக். கீழ்த் தாள் போன வருஷம் அச்சடித்த மாதிரியே பளிச்சென்று இருந்தது. ஊசியைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அவ்வளவுதான் என் டிசம்பர் மாதம்.

சரி, இப்போதாவது ஏற்றிவிடலாமே? முடியாதாம். "பழைய தேதி எடுக்காது சார். புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, விரல் வைங்க." வைத்தேன். காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்த விரல், மெஷினுக்கு ரேகை தெரியவில்லை. துடைத்து வைக்கச் சொன்னார், அழுத்தி வைக்கச் சொன்னார், அந்தக் கையைக் கொடுங்க என்றார். முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம் என்று 2021லேயே வந்துவிட்டதே என்றேன். "அது உங்க போன்ல வீட்ல பண்ணிக்கிறது சார்." உயிரோடு இருப்பவன் உங்கள் எதிரில் நின்று மூச்சு வாங்குகிறான், அவனை வீட்டுக்குப் போய் செல்ஃபி எடுக்கச் சொல்கிறீர்கள்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? நான் விரலை வைத்துக்கொண்டிருக்கும்போதே பையில் இருந்த போன் அடித்தது. உங்கள் வங்கியிலிருந்துதான். "சார், உங்க வயசுக்கு ஏத்த ஒரு லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசி..." பென்ஷன் பிரிவுக்கு நான் உயிரோடு இல்லை, பாலிசி விற்பவருக்கு மட்டும் நன்றாகவே இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு தடவை பேசிக்கொள்ளக் கூடாதா?

கடைசியில் வந்த தீர்ப்பு: சென்ட்ரல் பென்ஷன் சென்டருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாசம் சேர்த்து வரும். சேர்த்துத்தானே வருகிறது, அதனால் நஷ்டமில்லை என்று உங்கள் எண்ணம். மருந்துக்கடைக்காரர் அப்படி நினைப்பதில்லை.

பென்ஷனைத் தாமதமாக வரவு வைத்தால் வருடத்துக்கு 8 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஓய்வூதியர் கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. என் பென்ஷன் 38,000 ரூபாய். ஒரு மாதத் தாமதத்துக்கு 253 ரூபாய் 33 காசு. வழிமுறை வேண்டுமானால் தனித்தாளில் போட்டுத் தருகிறேன், அதைக் குண்டூசி குத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 33 காசும் எனக்கு வேண்டும்.

ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இரண்டையும் இணைத்திருக்கிறேன். அசல் தர மாட்டேன், கேட்காதீர்கள்.

இன்னொன்று. புது வருஷக் காலண்டர் தீர்ந்துவிட்டது என்றார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே நகைக்கடன் வாங்கியவருக்குச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு ஒன்று கொடுத்தார்கள். அவருக்குப் பின்னால் நின்றவருக்கு இரண்டு. வீட்டில் இன்னும் போன வருஷ டிசம்பர்தான் தொங்குகிறது. எங்கிருந்து வந்தது அந்த இரண்டாவது காலண்டர்?

இப்படிக்கு,
இரண்டு பி.பி.ஓ.விலும் உயிரோடு இருக்கும்
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்