டாஸும் பனியும்

"சேப்பாக்கம் ஸ்பின் பிட்ச்தானே, அப்புறம் ஏன் டாஸ் போட்டதும் சேஸ் பண்ற டீமோட பந்தய விலை இறங்குது?"

பனிதான் காரணம், தம்பி. தை மாத ராத்திரியில் தஞ்சாவூர்ப் பக்கம் பந்து போட்டவர்களுக்குத் தெரியும், ஈரப் பந்து விரலில் நிற்காது. திரும்பாமல் வழுக்கி மட்டைக்கு வரும். பனி இறங்குவது இரண்டாவது இன்னிங்ஸில்தான், அதனால் சேஸ் செய்பவருக்கு அது வசதி. பிட்ச் எப்படி, பனி வருமா என்பதெல்லாம் டாஸுக்கு முன்பே விலையில் ஏறியிருக்கும். பனியால் யாருக்கு லாபம் என்பதைத்தான் டாஸ் முடிவு செய்கிறது.

சமபல அணிகள் என்றால், கமிஷனை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் விலை 2.00, அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் இரண்டு ரூபாய் கைக்கு வரும். பனியால் சேஸ் செய்பவருக்கு 55 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் அவர் விலை 1.82, மற்றவருக்கு 2.22. சில நொடிகளில் மாறிவிடும், பிறகு அதில் யாருக்கும் ஆதாயம் மிஞ்சாது. (இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025 மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, இது கணக்கு மட்டும்.)

ரன் கோடுதான் பலரும் கவனிக்காதது, அதாவது ஒரு அணி இதற்கு மேல் எடுக்குமா, கீழே நிற்குமா என்று பந்தயத்தில் வைக்கும் ரன் எண்ணிக்கை. முதலில் ஆடும் அணிக்கு 165 என்று கோடு இருக்கும்போது, அதே அணி சேஸ் செய்தால் இலக்கைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். 150 இலக்கு என்றால் பிட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசிப் பந்து சிக்ஸர் போனாலும் 155தான் உச்சம். பனி வந்துவிட்டதா என்று தெரிய, பவுலர் ஒவ்வொரு பந்துக்கும் துண்டைத் தேடுகிறாரா என்று பாருங்கள்.