பார்க்காத ஆம்பூலுக்குக் கையெழுத்து கேட்டால்

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் நர்சிங் முடித்து இந்த வருசம் வார்டுக்குள் நுழைந்திருக்கும் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். சீனியரோடு வரும் சண்டைகளில் முக்கால்வாசி, மருந்து கலந்ததைக் கூட இருந்து பார்த்ததற்காகப் போடும் இரண்டாவது கையெழுத்தில்தான் தொடங்குகிறது. "நான் போட்டுட்டேன்ட்டி, நீ கையெழுத்த மட்டும் போடு" என்பார்கள். அந்த இடத்தில் என்ன சொல்வது என்பது முன்கூட்டியே வாயில் இருக்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடையே எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கில் வந்தவருக்குப் பொட்டாசியம் 2.8. 500 மில்லி நார்மல் சலைனில் ஒரு ஆம்பூல், 4 மணி நேரத்தில் போக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நாம் வழக்கமாகப் பார்க்கும் 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கும். மணிக்கு 125 மில்லி ஓடினால் 5 மில்லிஈக்விவலன்ட் போகும். கை நரம்பில் வழக்கமான உச்சம் மணிக்கு 10. ஆக, ஆர்டரில் குறை இல்லை. ஆனால் உங்களைக் கூப்பிடும்போது பாட்டில் ஏற்கெனவே தொங்குகிறது.

கலந்த பாட்டிலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் போலத்தான் இருக்கும். உள்ளே போனது ஒரு ஆம்பூலா இரண்டா, பொட்டாசியம்தானா, பக்கத்து டப்பாவிலிருந்த வேறு 10 மில்லி ஆம்பூலா, எதுவும் தெரியாது. டிரேயில் காலி ஆம்பூல் கிடந்தாலும், தொங்குகிற பாட்டிலிலேயே ஊசி போட்டார்களா, கழற்றி நன்றாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தார்களா என்பதை அது சொல்லாது. பொட்டாசியம் கனமான கரைசல். சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே மொத்தமாக நரம்புக்குள் இறங்கி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இரண்டாவது கையெழுத்து என்றால் "நான் பார்த்தேன்" என்று பொருள். பார்க்காத ஆள் போட்டால் அந்தச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை.

இங்கே ஜூனியர்கள் வழக்கமாக இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, கோவிச்சுக்காதீங்க" என்று மன்னிப்பிலேயே நேரம் போய், சொல்ல வந்தது காதில் விழாமல் போகும். இல்லையென்றால் "இது சரியாத்தானே இருக்குக்கா?" என்று கேட்பார்கள். "சரிதான்" என்று பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். கேள்வியாகக் கேட்காமல், நடந்ததையும் அடுத்து செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"அக்கா, நீங்க கலந்தத நான் பாக்கல, அதனால என்னால கையெழுத்து போட முடியாது. கிளாம்ப மூடிட்டு வாங்க, புதுசா ஒண்ணு சேர்ந்து கலக்குவோம். ரெண்டு நிமிசத்துல முடிச்சிரலாம்."

"என்னைய நம்பலியா?" என்று வரும். உங்கள் நம்பிக்கையைப் பற்றிய விவாதத்துக்குள் போகாதீர்கள். பேச்சை நோயாளியிடம் திருப்புங்கள்: "உங்கள நம்பாம இல்லக்கா. பொட்டாசியம் போகுது, பாட்டில்ல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு. பேஷன்ட்டுக்கு ஆபத்து, ஓடவிட வேண்டாம்." மருத்துவக் குழுக்களுக்கான அமெரிக்காவின் டீம்ஸ்டெப்ஸ் பயிற்சி இதற்கு ஒரு வரிசையே வைத்திருக்கிறது: கவலை, மனம் ஒப்பவில்லை, பாதுகாப்புப் பிரச்சினை. இரண்டு முறை சொல்லியும் அசையவில்லை என்றால் மேலே சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. மூன்றாவது தடவை கெஞ்ச வேண்டாம். இன்சார்ஜுக்கோ டியூட்டி டாக்டருக்கோ போன் போடுங்கள். படுக்கைப் பக்கத்தில், சொந்தக்காரர்கள் முன்னால் குரலை உயர்த்த வேண்டாம். "இங்க வாங்கக்கா" என்று நர்சிங் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள்.

அன்றைக்கே உறவைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இரண்டு பேருமே சூடாக இருப்பீர்கள். மறுநாள் ஹேண்டோவர் முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். நடந்தது, உங்களுக்கு எப்படி இருந்தது, என்ன வேண்டும், அதனால் அவருக்கு என்ன நன்மை என்ற வரிசையில் வரட்டும்: "நேத்து நைட்டு கலந்த பெறகு கூப்பிட்டீங்க. பாக்காம போட எனக்குப் பயமா இருந்திச்சி. இனிமே ஆம்பூல உடைக்க முன்னாடி ஒரு சத்தம் குடுங்க, நான் ஓடி வாரேன். நாளைக்கு யாரும் கேட்டா ரெண்டு பேருக்கும் பதில் இருக்கும்." "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. வந்தால் பாட்டிலை விட்டுவிட்டு அவருடைய குணத்தைப் பற்றிய சண்டையாகிவிடும்.

சீனியரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நைட்டில் இரண்டே பேர் வார்டைப் பார்க்கும்போது, கூப்பிட்டும் ஜூனியர் வராததால்தான் பலர் தனியாகக் கலந்துவிடுகிறார்கள். சத்தம் கொடுக்கச் சொன்ன நீங்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் போகாவிட்டால், அடுத்த வாரம் அவர் கூப்பிடவே மாட்டார்.

இந்தப் பேச்சு எல்லாரிடமும் பலிக்காது. திட்டுவது, டியூட்டி போட்டுப் பழிவாங்குவது என்று போனால் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பாதீர்கள். தேதி, நேரம், எந்தப் படுக்கை, சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தது யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். "திமிர் பிடித்தவர்" என்று எழுதினால் புகார் தள்ளிப் போகும். "9 மணிக்கு, கலந்த பின் கையெழுத்து கேட்டார், இரண்டு முறை மறுத்தேன்" என்று எழுதினால் விசாரித்தே ஆக வேண்டும். முதலில் வார்டு இன்சார்ஜிடம் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் நர்சிங் சூப்பிரண்டிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.