பில் போட்ட இடமும் பிஸ்கட் தின்ற இடமும்

இந்த வருஷமும் டார்கெட் ஷீட் வந்துவிட்டது. போன வருஷ விற்பனை, அதற்கு மேல் 20 வீதம். புது ஏரியாவுக்கும் அதே கணக்குத்தான். பதினைந்து வருஷம் ரெப்பாகவும் பிறகு ஏரியா மனேஜராகவும் திருமலையில் அலைந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

முன்பு நான் வேலை செய்த ஒரு பிஸ்கட் கம்பனியில் நடந்தது இது. கணக்கு விளங்கட்டும் என்று எண்களை உருட்டிச் சொல்கிறேன். மூதூர், தோப்பூர், சேருவில பக்கத்தைத் திருமலை டவுனிலிருந்து பிரித்துப் புது ஏரியாவாக்கினார்கள். அதுவரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வேன் போய்வந்ததில் மாதம் 4 இலட்சம் விற்றிருந்தது. தலைமை அலுவலகம் அதைக் கொஞ்சம் கூட்டி 5 இலட்சம் என்று டார்கெட் எழுதியது. டவுன் ரெப்பின் 30 இலட்சத்தை 36 ஆக்கியது.

டவுனில் மூன்று மொத்தக் கடைகளின் பில்களைப் புரட்டிப் பார்த்தேன். மூதூர்க் கடைக்காரர்கள் டவுனுக்கு வந்து அரிசி, பருப்போடு நம்முடைய பிஸ்கட்டையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டிப் போகிறார்கள். மாதம் 3 இலட்சம் அப்படிப் போகிறது. பில் டவுனில், தின்பது கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் மூதூர்ப் பக்கம் ஏற்கெனவே 7 இலட்சத்துக்குச் சாப்பிடுகிறது. நாம் கொடுத்த டார்கெட் அதைவிடக் குறைவு! டவுன் தம்பியின் உண்மையான அடித்தளமோ 27தான். அவனிடம் 36 கேட்டால் எங்கே போவான்?

கம்பனியின் பழைய எண்ணை மூடிவைத்துவிட்டு மூன்று கிழமை மோட்டார் சைக்கிளில் கடை எண்ணினோம். 420 கடை. ஒவ்வொன்றிலும் நம்முடைய சரக்கை மட்டுமல்ல, எல்லாக் கம்பனிப் பிஸ்கட்டும் சேர்த்துக் கிழமைக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டோம். கடைக்காரர் உண்மை சொல்வாரா? தோப்பூரில் ஒரு நானா, “ரெண்டு பெட்டிதான் தம்பி, யாவாரமே இல்ல” என்றார். கடைக்குப் பின்னால் அந்தக் கிழமையின் வெறும் பெட்டிகள் மடித்துக் கட்டிக் கிடந்தன. எண்ணினேன், ஏழு. நானா சிரித்துவிட்டு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் முதலில் பின்பக்கம்தான் போவேன்.

கூட்டிப் பார்த்தால் மாதம் 78 இலட்சம் வந்தது. அப்படியே எடுத்திருந்தால் ரெப்பைக் கொன்றிருப்போம். பெரிய கடைகள் சில, சின்னக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கின்றன. ஒரே பெட்டியை இரண்டு கடையிலும் எண்ணியிருக்கிறோம். அந்த 12 இலட்சத்தைக் கழித்தால் 66. டவுனில் பல வருஷம் ஓடி நாம் பிடித்த பங்கு நாலில் ஒன்று. அதே பங்கு இங்கும் கிடைத்தால் 16.5. ஆனால் ஒரு ரெப் ஒரு நாளில் ஒழுங்காகப் பார்க்கக்கூடியது 35 கடை. கிழமைக்கு 210. எல்லாக் கடையையும் தொட முடியாது. கிழமைதோறும் போகக்கூடிய கடைகளிடம் இருப்பது அந்தச் சந்தையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மிஞ்சுவது 12 இலட்சத்துக்குச் சற்று மேல். ஆகவே 7இல் தொடங்கி வருஷ முடிவில் 12ஐத் தொடட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

மாதத்துக்கு மாதம் சமமாகப் பிரிக்கவும் கூடாது. மகா போக அறுவடைக் காசு பெப்ரவரி, மார்ச்சில் கைக்கு வரும். நோன்புப் பெருநாளோ வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும். போன வருஷம் இதே மாதம் விற்றதை இந்த மாதத்தோடு ஒப்பிட்டு ரெப்பைத் திட்டுகிறவர்கள் கலண்டரைப் பார்ப்பதில்லை. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் சீசன் வேறு கதை, அது இந்த ஏரியாவுக்கு ஒட்டாது.

என் தாளைத் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. “கடந்த கால ஆதாரம் இல்லை” என்றார்கள். ஆதாரம் இல்லாததால்தானே ஐயா அது புது ஏரியா!

5 இலட்சத்தை மூதூர்த் தம்பி மாதம் 18ஆம் திகதியே முடித்துவிடுவான். அதற்குப் பிறகு வரும் ஓடரை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வான். கூட விற்றால் அடுத்த வருஷ டார்கெட் ஏறும் என்று அவனுக்குத் தெரியாதா? மாதக் கடைசி ஐந்து நாள் பில் வெறுமையாகவும், 1ஆம் திகதி பில் குவிந்தும் இருந்தால் டார்கெட் குறைவு என்று அர்த்தம். டவுனில் நேர்மாறு. 30ஆம் திகதி இரவு டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்டோரில் சரக்கை இறக்கி எண்ணைக் காட்டினார்கள். ஆறு மாதத்தில் காலாவதிப் பெட்டிகள் திரும்பி வந்தன.

டவுன் தம்பி எட்டாவது மாதம் வேலையை விட்டான். இன்சென்டிவ் ஒரு மாதம்கூட எடுக்கவில்லை. மூதூர்த் தம்பிக்கு அந்த வருஷம் சிறந்த ரெப் கேடயம் கிடைத்தது. மேடையில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.