இஸ்கூல் என்று சொன்னால் சிரிப்பு வருகிறதா?

அந்த காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடியும் பகிரப் போவதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பெரியவர் ஒருவர் “நான் இஸ்கூல் போனதே மூணு வருஷம்தான்” என்கிறார். நெறியாளர் மைக்கை வாங்கி “இஸ்கூலா ஐயா, ஸ்கூலா?” என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

அது தப்பு உச்சரிப்பு இல்லை. விதிப்படியான உச்சரிப்பு.

மெய்யொலிகள் எல்லாம் ஒரே அளவு முழங்குவதில்லை. க, ட, ப போன்றவற்றில் மூச்சு முழுசாக அடைபடும், முழக்கம் மிகக் குறைவு. அதற்கு மேலே ஸ, பிறகு ம, ந, பிறகு ல, ர, பிறகு ய, வ, உச்சியில் உயிரெழுத்து. மொழியியலில் இதை சொனாரிட்டி என்பார்கள். ஓர் அசையில் முழக்கம் உயிரை நோக்கி ஏற வேண்டும், உயிரைத் தாண்டியதும் இறங்க வேண்டும். இதுதான் சொனாரிட்டி வரிசை விதி. மொழியியலாளர்கள் சீவர்ஸ் 1881லும் யெஸ்பெர்சன் 1904லும் எழுதி வைத்தது, நான் நேற்று கண்டுபிடித்ததில்லை.

இப்போது ‘ஸ்கூல்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஸ் கொஞ்சம் முழங்குகிறது, க்-கில் பொத்தென்று விழுகிறது, ஊ-வில் மறுபடி ஏறுகிறது. ஏறவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். முன்னால் ஓர் இ போட்டால்? இஸ்-கூல். ஸ் முதல் அசையின் இறக்கத்துக்குப் போய்விடுகிறது, க் அடுத்த அசையை ஒழுங்காகத் தொடங்குகிறது. பள்ளம் போயிற்று.

“எல்லாத்துக்கும் முன்னால இ போடுறாங்க, படிக்காதவங்க” என்று ஒருவர் கருத்து எழுதியிருந்தார். அப்படியா? பள்ளிப் பையில் இருந்த ஸ்லேட்டை அந்தத் தலைமுறை என்னவென்று சொன்னது? இஸ்லேட்டு என்றா? சிலேட்டு! அதே ஸ்-தான் சார். ஆனால் ஸ்-ஸிலிருந்து ல்-லுக்கு முழக்கம் ஏறுகிறது, பள்ளம் இல்லை. இடையில் சின்ன உயிர் ஒன்று செருகினாலே போதும், காதுக்கு அசலிலிருந்து பெரிதாக விலகுவதில்லை. பிளேட், கிளாஸ், சுவெட்டர் எல்லாமே அப்படித்தான். பள்ளம் விழுந்தால் முன்னால், ஏற்றம் இருந்தால் நடுவில். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நாக்கு இந்த வேறுபாட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் படிக்காதவனா?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது “இஸ்டாம்பு ஒட்டணுமா ஐயா?” என்று கேட்டார். முகப்பில் இருந்தவர் வேண்டுமென்றே மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் “இனி நீயே பேசு” என்றார். எனக்கு ஏழு வயது. அந்த ஆளின் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனா இன்னும் நினைவில் இருக்கிறது.

இதே ஊரில் மலாய்க்காரர் ஸ்டாம்ப்பை செத்தெம் என்கிறார். அகராதியிலேயே அப்படித்தான். கிளாஸ் கெலாஸ் ஆனதும் அப்படியே. போர்த்துக்கீசியரின் எஸ்கோலா செக்கோலா ஆயிற்று. அவர்கள் இப்படி நடுவில் செருகுகிறார்கள், நாம் முன்னால் வைக்கிறோம். அங்கே தேசிய மொழி, இங்கே நகைச்சுவையா? அந்த எஸ்கோலாவில் இருக்கும் எ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? லத்தீனில் அது ஸ்கோலா. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் பழைய பிரெஞ்சுக்காரரும் நம் பெரியவர் செய்ததையே செய்தார்கள். லத்தீனின் ஸ்டாட்டுஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த்தான் ‘எஸ்டேட்’ ஆயிற்று. நம்மைத் தோட்டத்துக்காரன் என்று இளக்காரம் செய்கிறவர் வாயில் வரும் சொல்லிலேயே அந்த எ உட்கார்ந்திருக்கிறது!

“அப்போ ஆங்கிலேயன் மட்டும் எப்படிச் சொல்றான்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. அவன் விதியை மீறுகிறான், அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் ஸ் விஷயத்தில் மட்டும், ல்ப என்றோ ர்ட என்றோ ஆங்கிலச் சொல் எதுவும் தொடங்காது. ரஷ்யர்கள் ‘ர்தா’ என்றே தொடங்குகிறார்கள், வாயினுடைய என்று பொருள். அதனால் இது இரும்புச் சட்டம் இல்லை, மொழிகளின் பொதுவான சாய்வு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ் அந்த மீறலை ஏற்கவில்லை. தொல்காப்பியம் பொதுவாக ய, ர, ழ-வுக்குப் பின்னால்தான் இன்னொரு மெய்யை ஈரொற்றாக அனுமதிக்கிறது. வாழ்க்கையில் ழ் முன்னால், க் பின்னால், முழக்கம் இறங்குகிறது. ‘வாக்ழ்கை’ என்று யாராவது சொல்லிப் பாருங்களேன். (உடனே “எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கு” என்று வரிசையில் வராதீர்கள், அந்தக் கூட்டத்துக்கும் நான் ஆள் இல்லை.)

“பிள்ளைகள் சரியாக ஆங்கிலம் பேச வேண்டாமா?” பேசட்டும், யார் தடுத்தது? என் மகளும் ஸ்கூல் என்றுதான் சொல்கிறாள். ஆனால் அந்த மேடையில் ஐயா பேசியது தமிழ். தமிழ் நிகழ்ச்சியில், தமிழ் நாக்கால், தமிழின் விதிப்படி பேசினார். அதற்குத் திருத்தம் சொல்ல அந்த நெறியாளர் யார்? “விளையாட்டுக்குச் சொன்னது” என்று நேற்று விளக்கம் வந்திருக்கிறது. விளையாட்டென்றால் இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டும். காணொளியை மறுபடி போட்டுப் பாருங்கள், ஐயா சிரிக்கவில்லை, பேச்சையே பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூணு வருஷம் படித்தவர் என்ன சொல்ல வந்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.